தெருவை மூடியவர்களுக்கும் திறந்துவிட்டவருக்கும் நன்றி

கடந்த ஞாயிற்றுக்கிழமை கிழக்கு இலண்டனின் ஈஸ்ட்ஹாம் பகுதியில், நாம் குடியிருக்கும் தெருவில், நண்பகல் 12 மணி தொடக்கம் மாலை 6 மணி வரை தெருவிழா ஒன்று நடைபெற்றது. தமிழர், வங்காளியர், பஞ்சாபியர், கானா நாட்டவர், ருமேனியர், ஆங்கிலேயர் என இத்தெருவில் வாழும் எல்லாரும் ஒரே வரிசை மேசைகளில் அமர்ந்து உணவருந்தினர். சிறுவர்கள் வாகனப் பயமின்றி நடுத்தெருவில் ஓடி விளையாடினர். விழாவின் மகிழ்ச்சியைக் கண்டவர் பலர். அதன் பின்னால் மூன்று மாத காலம் நடந்த வேலையைக் கண்டவர் மிகச் சிலர். அவ்வேலையைச் செய்த தெருக் குழுவினருக்கு நன்றி கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்றியுரைகளில் பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படுவது நம்மவர் மரபு. இங்கே நாம் ஒருவரது பெயரையும் பிரசுரிக்கவில்லை. குழுவில் உழைத்தவர்களுள் இருவர் தஞ்சக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு கிடைக்காதவர்கள். தமது பெயர் பத்திரிகையில் வருவதை அவர்கள் விரும்பவில்லை. ஊரில் இருக்கும் உறவினரை எண்ணி அஞ்சுகின்றனர். ஏனையோரின் பெயரைப் போட்டு இவர்களை மட்டும் "இன்னும் இருவர்" என்று குறிப்பிடுவது முறையன்று என ஏனையோரே கூறிவிட்டனர். ஆகவே யார் என்பதை விடுத்து, ஒவ்வொருவரும் செய்தது என்ன என்பதை எழுதுகின்றோம்.

கதவு கதவாகச் சென்ற பெரியவர்

முதல் நன்றி வடமராட்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தபால் அதிபருக்கு உரியது. இந்நாட்டில் ஒரு தெருவை விழாவுக்காக மூடுவதற்கு உள்ளூர்க் கவுன்சிலின் அனுமதி வேண்டும். கவுன்சிலுக்குக் கவுன்சில் விதிகள் வேறுபடும். சில நான்கு வாரம் முன்னதாகவும் சில பன்னிரண்டு வாரம் முன்னதாகவும் விண்ணப்பிக்கக் கோருகின்றன. பெரியவர் பன்னிரண்டு வாரத்திற்கு முன்னரே விண்ணப்பத்தை அனுப்பினார். எந்த வீட்டிலக்கத்திலிருந்து எந்த வீட்டிலக்கம் வரை தெரு மூடப்படும், தடுப்புகள் எங்கே நிற்கும், சுற்றிச் செல்லும் வழி எது என்பவற்றைக் கையால் வரைந்த வரைபடமொன்றையும் அத்துடன் இணைத்தார்.

விண்ணப்பத்தைவிடக் கடினமானது அயலவரின் சம்மதம். கடிதத்தைத் தபால் துவாரத்தில் போட்டுவிட்டு வந்தால் அது விளம்பரத் தாள்களோடு குப்பைக்குப் போய்விடும் என்பது நாற்பது ஆண்டு தபால் சேவையில் அவர் கற்ற பாடம். ஆதலால் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார். ஆள் இல்லாத வீடுகளுக்கு வேறொரு நேரத்தில் மீண்டும் சென்றார். யார் என்ன சொன்னார் என்பதை அப்பியாசக் கொப்பியொன்றில் வீட்டிலக்க ஒழுங்கில் குறித்துக்கொண்டார்.

அக்கொப்பியில் இரண்டு குறிப்புகள் சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்தன. ஒன்று, ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்யும் தாதி ஒருவருடையது. ஞாயிறு பகலில் அவர் உறங்கவேண்டும். மற்றையது, நடக்க இயலாத முதியவர் ஒருவரைப் பராமரிக்க நாளுக்கு இருமுறை காரில் வரும் பணியாளரைப் பற்றியது. இவ்விரண்டும் நியாயமான எதிர்ப்புகள். இத்தகைய எதிர்ப்பைப் பெரும்பான்மையைக் காட்டி அடக்க முயன்றால் அவ்வீட்டார் கவுன்சிலுக்கு எழுதுவர்; அனுமதியும் நின்றுபோகக்கூடும். பெரியவர் தாதியின் வீட்டுக்கு மறுபடியும் சென்று, ஒலிபெருக்கியைத் தெருவின் மறுமுனையில் வைப்பதாகவும், பிற்பகல் 2 மணிக்கு முன் மேளமோ பாட்டோ ஒலிக்காதென்றும் எழுதிக் கொடுத்தார். பராமரிப்புப் பணியாளரின் காரை ஒருவர் முன்னால் நடந்து வழிகாட்டி, நடை வேகத்தில் உள்ளே அழைத்துவர ஏற்பாடாயிற்று. தாதி பிற்பகல் மூன்று மணிக்குத் தாமே எழுந்து வந்து இரண்டு தட்டுகளில் உணவு வாங்கிச் சென்றதைப் பலரும் கண்டனர்.

வெண்கட்டிக் கோடு

இரண்டாவது நன்றி உயர்தர வகுப்பில் பயிலும் ஒரு மாணவிக்கும் அவருடைய தம்பிக்கும் உரியது. விழாவன்று தெருவில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு வரையப்பட்டிருந்ததை எல்லாரும் பார்த்திருப்பர். சிறுவர் விளையாட்டுக்கான கோடு என்று எண்ணியவர்களும் உண்டு. அது தீயணைப்பு வண்டி செல்வதற்கான வழியின் எல்லை.

மூடப்பட்ட தெருவும் அவசர வண்டிகளுக்குத் திறந்தே இருக்கவேண்டும். இங்கிலாந்தின் கட்டட விதி வழிகாட்டியில் தீயணைப்பு வண்டிக்குரிய பாதையின் குறைந்த அகலம் 3.7 மீற்றர், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு அடி எனக் குறிக்கப்பட்டுள்ளது. நமது தெரு நடைபாதைக்கு நடைபாதை ஏழரை மீற்றர் அகலம் கொண்டது. எனவே இருபுறமும் மேசை போட்டால் வழி அடைபட்டுவிடும். மேசைகள் யாவும் ஒரே பக்கத்தில் என்று முடிவாயிற்று. எண்பது வயதைத் தாண்டிய ஆங்கிலேய மூதாட்டி ஒருவரும் இதையே சொன்னார். 1953இல் முடிசூட்டு விழாவின்போது சிறுமியாகவும், 1977இல் அரசியின் வெள்ளி விழாவின்போது தாயாகவும் தெருவிருந்துகளில் அமர்ந்தவர் அவர். 1977ஆம் ஆண்டின் துணித் தோரணங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தவரும் அவரே. அவருக்கும் நன்றி.

கோடு வரைவது காலை வேலை. அதைக் காப்பது நாள் முழுதும் செய்யவேண்டிய வேலை. வெயில் ஏற ஏற மக்கள் நிழலைத் தேடிக் கதிரையை இழுத்துப் போடுவர். ஒருவர் தம் குழந்தையின் தள்ளுவண்டியைக் கோட்டிற்கு அப்பால் நிறுத்துவார். அதைப் பார்த்து இன்னொருவர் நிறுத்துவார். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு அடி எட்டடியாகிவிடும். எவரும் வேண்டுமென்று செய்வதில்லை. இதற்கு அம்மாணவி கண்ட வழி எளியது. இரண்டு தும்புத்தடிகளுக்கு இடையில் 3.7 மீற்றர் நீளக் கயிற்றைக் கட்டி, அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு தடியைப் பிடித்துக்கொண்டு அரை மணிக்கொரு தடவை தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தனர். கயிறு எங்கே தளர்கிறதோ அங்கே எதையோ நகர்த்தவேண்டும். கதிரையில் இருப்பவரோடு வாதாட வேண்டியிருக்கவில்லை. கயிற்றைப் பார்த்தவர் தாமாகவே எழுந்து நகர்ந்தார்.

காற்றடைத்த கோட்டை ஒன்றை வாடகைக்கு எடுக்கவேண்டுமெனச் சிறுவர் கேட்டனர். அதை மறுத்தவரும் இம்மாணவியே. அத்தகைய கோட்டையைக் குறைந்தது ஆறு இடங்களிலாவது நிலத்தோடு பிணைக்கவேண்டும். காற்று மணிக்கு 24 மைலைத் தாண்டினால் பாவிக்கக்கூடாது. தார்த் தெருவில் முளை அடிக்க இயலாது; அடிக்காவிடில் பெரும் பாரங்களைக் கொண்டுவந்து கட்டவேண்டும். அப்பாரங்களுக்கு இடம் விட்டால் வண்டி வழி குறைந்துவிடும். சிறுவர் ஏமாற்றமடைந்தனர். ஆயினும் கிளித்தட்டுக் கோடு கீறியவுடன் அந்த ஏமாற்றம் மறைந்துவிட்டது.

குசினியில் நின்ற அன்ரிமார்

மூன்றாவது நன்றி சமையற் குழுவிற்கு. உழுந்து வடை, றோல்ஸ், மரக்கறிப் புரியாணி, சீனிச்சம்பலோடு பாண் ஆகியவை நம்மவர் பங்கு. ஆண்டுக்கொரு முறை அயலவருக்காகச் சமைப்போர் உணவு வணிகராகப் பதிவு செய்யவேண்டியதில்லை. ஆனால் உண்பவருக்குத் தீங்கு நேராமற் காப்பது எவருக்கும் கடமையே.

பாலர் பாடசாலை ஒன்றில் சமையல் வேலை செய்யும் அன்ரி ஒருவர் இக்குழுவிற்குத் தலைமை தாங்கினார். ஒவ்வாமை உண்டாக்கும் உணவுகள் என இந்நாட்டுச் சட்டம் பதினான்கைப் பட்டியலிட்டுள்ளது. கோதுமை முதலிய தானியங்கள், பால், முட்டை, மீன், நிலக்கடலை, எள், கடுகு ஆகியவை அவற்றுட் சில. நம்மவர் சமையலில் இவற்றுட் பல, பெயர் மாறி ஒளிந்திருப்பதை அன்ரி ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். நல்லெண்ணெய் என்பது எள்ளெண்ணெய் என்பதை நாம் அறிவோம். ஆனால் "இதில் எள் உண்டா" என்று ஓர் அயலவர் கேட்டால் எள்ளுருண்டையை நினைத்து "இல்லை" என்று சொல்லிவிடுவோம். உழுந்து வடையில் கோதுமை இல்லை என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர். கடையில் வாங்கும் பெருங்காயத் தூள் பலவற்றில் கோதுமை மா கலந்திருப்பதைப் பெட்டியின் பின்புறத்தை வாசித்துக் காட்டியவர் அவரே. சீனிச்சம்பலில் இருக்கும் மாசி மீன் வகையைச் சேர்ந்தது. ஆதலால் அது மரக்கறி உணவுமன்று. தாளிதம் செய்த எதிலும் கடுகு உண்டு.

ஆகவே ஒவ்வொரு பாத்திரத்திற்கும் முன்னால் தமிழிலும் ஆங்கிலத்திலும் அட்டை ஒன்று வைக்கப்பட்டது. எள் ஒவ்வாத ஒரு சிறுவனின் தாய் அட்டைகளை வாசித்துக்கொண்டே வந்து, இரண்டு பாத்திரங்களைத் தவிர்த்து ஏனையவற்றிலிருந்து மகனுக்கு எடுத்துக் கொடுத்தார். அட்டை இல்லாதிருந்தால் அத்தாய் எதையும் தொடாமல் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாணையே கொடுத்திருப்பார்.

புரியாணியைப் பொறுத்தவரை அன்ரி இன்னும் கண்டிப்பாக இருந்தார். சமைத்த சோற்றை இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்தால் அதில் வளரும் ஒருவகைப் பற்றீரியா வெளியிடும் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. சூடான உணவு 63 பாகைக்குக் குறையாமல் இருக்கவேண்டும். அதற்குக் கீழே ஒரேயொரு தடவை, இரண்டு மணி நேரம் வரை மட்டும் வைக்கலாம். அவர் வெப்பமானியோடு நின்று, ஒரே அண்டாவாகச் சமைக்கவிடாமல் மூன்று தவணையாகச் சமைப்பித்தார். "மிஞ்சினதை வீட்டுக்குக் கட்டிக் குடுங்கோ அக்கா" என்று கேட்டவரிடம், "வடையைக் கொண்டு போ தங்கச்சி, சோத்தைக் கேக்காதை" என்று சிரித்தபடியே மறுத்துவிட்டார்.

இருபது பவுணும் பஸ் ரிக்கற்றும்

நான்காவது நன்றி பொருளாளருக்கு. அவர் பேரங்காடி ஒன்றில் கணக்கு எழுதுபவர். அதிர்ஷ்டச் சீட்டுகளை ஒரு வாரத்திற்கு முன்னரே கடைகளில் விற்றால் கூடுதல் பணம் சேரும் என்று சிலர் கூறியபோது, விழா நடக்கும் இடத்தில் விழா நேரத்தில் விற்பதற்கு மட்டுமே அனுமதிப்பத்திரம் தேவையில்லை எனக் கூறி அதைத் தடுத்தவர் அவர். எனினும் அவர் செய்தவற்றுள் நாம் பெரிதாக மதிப்பது வேறொன்று.

தெருவின் கிழக்கு முனைத் தடுப்பில் ஆறு மணி நேரமும் ஓர் இளைஞர் நின்றார். தஞ்சம் கோரி முடிவுக்காகக் காத்திருப்பவர். மாலையில் நல்ல மனம் படைத்த ஒருவர் இருபது பவுண் தாளை அவர் கையில் வைக்க முற்பட்டார். பொருளாளர் இடையில் வந்து, "அண்ணை, அந்தக் காசைக் குடுத்தால் தம்பியின்ரை வழக்குக்குத்தான் கெடுதி" என்று தடுத்தார். கொடுக்க வந்தவருக்கு முதலில் கோபம். காரணம் விளங்கியபின் கோபம் தணிந்தது.

இதை வாசகர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நன்று. தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருப்பவருக்குப் பொதுவாக வேலை செய்யும் உரிமை இல்லை. பன்னிரண்டு மாதம் கடந்தும் முடிவு வராது, தாமதத்திற்கு அவர் காரணரல்லர் என்றால் மட்டுமே அனுமதி கேட்கலாம். அதுவும் குறிப்பிட்ட வகை வேலைகளுக்கு மாத்திரமே. ஆனால் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்திற்கோ அரசாங்கப் பொது நிறுவனத்திற்கோ தன்னார்வமாக உதவுவதற்குத் தடையில்லை. உள்நாட்டு அமைச்சு இதனையும் சம்பளமில்லா வேலையையும் பிரித்தே நோக்குகின்றது. ஒரு கடையில் கூலியின்றி நின்றாலும் அது வேலையாகவே கருதப்படும். தன்னார்வத் தொண்டருக்கு உண்மையில் ஏற்பட்ட பயணச் செலவையும் உணவுச் செலவையும் கொடுக்கலாம். மொத்தமாக ஒரு தொகையைக் கையில் கொடுத்தால் அது கூலி என்று கொள்ளப்படக்கூடும்.

நமது தெருக் குழு எங்கும் பதிவு செய்யப்பட்டதன்று. ஆகவே பொருளாளர் ஒரு மாதத்திற்கு முன்னரே அவ்விளைஞரையும், தஞ்சம் கோரியிருக்கும் மற்றைய பெண்மணியையும், விழாவிற்கு மேசை கதிரைகள் தந்துதவிய பதிவுபெற்ற சமூக நிலையத்தின் தன்னார்வத் தொண்டர்களாகச் சேர்ப்பித்து, கடிதமும் பெற்றுக் கொடுத்திருந்தார். தத்தம் சட்டத்தரணிகளிடமும் கேட்டுவருமாறு இருவரையும் அனுப்பினார். விழா முடிவில் இளைஞருக்குக் கொடுக்கப்பட்டது பஸ் செலவு மட்டுமே. அதற்கும் கையொப்பம் வாங்கிக் கோவையில் சேர்த்தார்.

பிற்பகல் 3.40

ஐந்தாவது நன்றி அந்த இளைஞருக்கே. வாகனங்களைக் கைகாட்டி நிறுத்துவதற்கோ திருப்பி அனுப்புவதற்கோ விழாத் தொண்டருக்கு அதிகாரமில்லை. அது பொலிசாருக்கு உரியது. தொண்டர் தடுப்பின் பின்னால் நின்று, தெரு மூடப்பட்டுள்ளதென்று பணிவாகக் கூறலாம். அவசர வண்டி வந்தால் தடுப்பை அகற்றலாம். பொதுவாக நாள் முழுதும் ஒன்றும் நடக்காத வேலை இது. அதனாலேயே பலர் ஒரு மணி நேரத்தில் அலுத்து, உணவெடுக்கப் போய்விடுவர். இளைஞர் போகவில்லை. அவருக்குரிய உணவைச் சிறுவர்கள் கொண்டுபோய்க் கொடுத்தனர்.

பிற்பகல் 3.40 மணிக்கு அம்புலன்ஸ் ஒன்று கிழக்கு முனைக்கு வந்தது. தெருவின் நடுப்பகுதி வீடொன்றில் ஒரு முதியவருக்கு மூச்சுத்திணறல். வேறொரு வீட்டில் வாழும் மகள் அழைத்திருந்ததால் தெருவில் எவருக்கும் செய்தி தெரியாது. இளைஞர் தடுப்பை இழுத்துவிட்டு ஊதுகுழலை மூன்று முறை ஊதினார். முன்கூட்டியே பேசிவைத்த குறி அது. மேளம் நின்றது. பெற்றோர் பிள்ளைகளைக் கோட்டிற்கு இப்பால் இழுத்துக்கொண்டனர். அவ்வேளை கோட்டிற்கு அப்பால் இருந்தவை இரண்டு கதிரைகள் மட்டுமே. மாணவியின் தம்பி அவற்றைத் தூக்கிவிட்டான். அம்புலன்ஸ் நில்லாமலே வீட்டு வாசலை அடைந்தது. முதியவர் செவ்வாய்க்கிழமை வீடு திரும்பிவிட்டார் என அறிந்து மகிழ்கின்றோம்.

இந்நாட்டில் எதற்கும் உரிமையின்றி, ஒவ்வொரு கதவின் முன்னாலும் காத்து நிற்பவர் அந்த இளைஞர். அன்று அந்தத் தடுப்பைத் திறக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அவர் அதைச் சரியாகச் செய்தார்.

கடைசியாகப் போனவர்கள்

ஆறாவது நன்றி துப்புரவு செய்தவர்களுக்கு. மேலே சொன்ன பெண்மணியும், ருமேனியத் தம்பதியர் ஒருவரும், பஸ் சாரதியான நம்மவர் ஒருவரும் இதில் முன்னின்றனர். கார்களை முதல் நாள் இரவே அகற்றுவித்தவர் அச்சாரதியே. துண்டுக் கடிதங்களை மூன்று தடவை கார்க் கண்ணாடிகளில் வைத்தார். உரிமையாளர் வெளிநாடு சென்றிருந்த ஒரேயொரு கார் மட்டும் அசையவில்லை. அதைச் சுற்றிக் கயிறு கட்டி, மேசை வரிசை அதோடு முடியும்படி செய்துவிட்டார்.

அனுமதி மாலை 6 மணியோடு முடிகின்றது. தெரு முழுதும் கூட்டி, குப்பைப் பைகளைக் கட்டி, கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்று குனிந்து பார்த்து முடிக்கும்வரை தடுப்பை எடுக்கலாகாது என்பது அவரது விதி. கார்கள் முந்திக்கொண்டால் அவற்றின் அடியில் கிடப்பதை எவரும் கூட்ட இயலாது. ஆதலால் ஐந்து மணிக்கே உணவு நிறுத்தப்பட்டது; ஐந்தரைக்கு மேசைகள் மடிக்கப்பட்டன. சிலர் முணுமுணுத்தனர். ஆறு மணிக்குத் தெரு திறந்தது. மறுநாட் காலை குப்பை வண்டிக்காரர் வந்தபோது பைகள் ஒரே இடத்தில் அடுக்கியிருந்தன.

தபால் அதிபரின் கொப்பி, வரைபடம், உணவு அட்டைகள், கணக்கு ஆகியவை இப்போது ஒரே கோவையில் உள்ளன. வேறு தெருக்களில் விழா நடத்த விரும்புவோர் நமது அலுவலகத்தினூடாகக் கேட்டால் பிரதி எடுத்துக்கொள்ளலாம் எனக் குழுவினர் தெரிவித்துள்ளனர்.

கதவு தட்டிய பெரியவருக்கும், கயிறு பிடித்து நடந்த அக்கா தம்பிக்கும், தோரணம் தந்த மூதாட்டிக்கும், வெப்பமானியோடு நின்ற அன்ரிக்கும் அவரோடு அடுப்படியில் வெந்தவர்களுக்கும், காசை மறித்த பொருளாளருக்கும், தடுப்பைத் திறந்த தம்பிக்கும், கார் அகற்றிய சாரதிக்கும், கடைசிவரை நின்று தெருவைக் கூட்டியவர்களுக்கும், தூக்கத்தை விட்டுத் தந்த தாதிக்கும் தெருவாசிகள் அனைவர் சார்பிலும் நமது உளமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கின்றோம்.